பொருளின் படத்திலிருந்து வீடியோ: தாறுமாறான அசைவுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ஒரு பொருளின் புகைப்படத்தைத் தொடக்க ஃப்ரேமாகக் கொடுத்து AI மாடலைக் கொண்டு ஐந்து நொடி விளம்பர வீடியோ உருவாக்கும்போது, கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. பாட்டில் மிதக்கும், லேபிள் எழுத்து உருகும், எங்கிருந்தோ ஒரு கை நீளும். மாடல் மாறினாலும் இந்த ஏழெட்டுக் கோளாறுகளே மாறி மாறி வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

நெடுகிலும் ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: அரை லிட்டர் மரச்செக்கு நல்லெண்ணெய். ஏறத்தாழ 25 செ.மீ. உயரக் கண்ணாடி பாட்டில், கறுப்பு மூடி, தமிழில் அச்சிட்ட காகித லேபிள். கைபேசியில் பார்ப்பதற்கான 9:16 செங்குத்து வீடியோ, 720x1280 அளவில் வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: திருத்தும் வரிசையை. முதலில் படத்தைத் திருத்துங்கள், அடுத்து ப்ராம்ப்ட், அதற்கடுத்து அமைப்புகள், பிறகுதான் சீட் எண், அதாவது ஒவ்வொரு முறையும் மாடல் தொடங்கும் தற்செயல் எண். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீடியோ சரியாக வரவில்லை என்றதும் "மீண்டும் உருவாக்கு" பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். கிரெடிட் கரையும், கோளாறு அப்படியே நிற்கும். கோளாறு படத்தில் இருந்தால் எந்தச் சீட் எண்ணும் அதைத் தீர்க்காது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

வீடியோவை ஓடவிட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ffmpeg என்ற கட்டளைக் கருவியால் நொடிக்கு இரண்டு ஃப்ரேம் வீதம் பிரித்தெடுங்கள்:

```
ffmpeg -i out.mp4 -vf fps=2:round=up frame_%03d.png
```

கிடைத்த படங்களை மூலப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோளாறு முதன்முதலில் எந்தப் படத்தில் தலைகாட்டுகிறது என்பதுதான் கேள்வி.

முதல் படத்திலேயே தெரிந்தால், நீங்கள் கொடுத்த கோப்பில்தான் சிக்கல். அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். முதல் படம் சரி, இரண்டாவது மூன்றாவதிலேயே பிசகுகிறது என்றால், படத்தில் ஏதோ குறை அல்லது ப்ராம்ப்ட் தவறு. அசைவின் வகையைப் பார்த்து உரிய பகுதிக்குப் போங்கள். பாதிவரை நன்றாக இருந்து கடைசியில் மட்டும் கெட்டால், நேரே இறுதிப் பகுதிக்குப் போகலாம்.

## அறிகுறி: முதல் ஃப்ரேமே மூலப் படம் போல இல்லை

பாட்டில் படுத்துக் கிடக்கிறது. கைபேசி எடுத்த படத்தில் "இதை நிமிர்த்திக் காட்டு" என்ற குறிப்பு கோப்புக்குள் தனியாக இருக்கும். சில கருவிகள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. படத்தை ஏதாவது ஓர் எடிட்டரில் திறந்து, நிமிர்ந்திருப்பதை உறுதிசெய்து, புதிய கோப்பாகச் சேமித்துக் கொடுங்கள்.

பின்னணி கறுப்பாகிவிட்டது. பின்னணி நீக்கிய PNG கோப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒளி ஊடுருவும் பகுதியைக் கருவி கறுப்பாக நிரப்பிவிட்டது. பின்னணியோடு ஒட்டித் தட்டையாக்கிக் கொடுங்கள்.

எண்ணெயின் நிறம் வெளிறிவிட்டது. ஐபோன் படங்கள் Display P3 வண்ண வரம்பில் இருக்கும். sRGB-க்கு மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய்க்கு இது சிறு விஷயமல்ல. நல்லெண்ணெயின் செம்பழுப்பு மஞ்சளாகிவிட்டால் வாங்குபவர் அதைக் கடலை எண்ணெய் என்றே நினைப்பார்.

பாட்டில் நசுங்கியிருக்கிறது, அல்லது பக்கங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. படத்தின் அளவு விகிதமும் வீடியோவின் விகிதமும் ஒத்துப்போகவில்லை. 1080x1080 சதுரப் படத்தை 9:16-க்குக் கொடுத்தால், கருவி அதை இழுத்து நசுக்கும் அல்லது நடுவில் 607 பிக்சல் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். இந்த முடிவை அதன் கையில் விடாதீர்கள். எடிட்டரில் 1080x1920 அளவுக்கு இடத்தை விரித்து, மேலே 420, கீழே 420 பிக்சல் பின்னணியை நீங்களே நிரப்புங்கள். மேலே சுவர், கீழே மேசை என்று தொடர வேண்டும். வெறும் வண்ணப் பட்டையாக விட்டால், அந்தப் பட்டையும் வீடியோவில் திரைச்சீலை போல ஆட வாய்ப்புண்டு.

## அறிகுறி: பொருள் மிதக்கிறது, வழுக்குகிறது, தானாகத் திரும்புகிறது

நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். இதன் வேர் பெரும்பாலும் இணையக் கடைக்காக எடுத்த படத்தில் இருக்கிறது. அமேசான் போன்ற சந்தைகளில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். விற்பனைப் பக்கத்துக்கு அது சரி. வீடியோவின் தொடக்க ஃப்ரேமுக்கு அதைவிட மோசமான படம் கிடைக்காது. தரை எங்கே என்று தெரியாது, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, அசைவதற்கு வேறெதுவும் இல்லை. அசைவு வேண்டும் என்று கேட்டால் மாடல் அசைக்கக்கூடியது பாட்டில் ஒன்றுதான்.

முதலில் பாட்டிலின் அடியைப் பாருங்கள். அடிப்பகுதி மேசையைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த நிழல்கோடு இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் காரணம். கூடுமானால் படத்தைப் புதிதாக எடுத்துவிடுங்கள். மரப்பலகை ஒன்றின்மேல் பாட்டிலை வைத்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் இரண்டடி தள்ளிச் சுவர் இருக்கும்படி எடுத்தால் போதும். பழைய படம்தான் இருக்கிறது என்றால், எடிட்டரில் மேசைப் பரப்பையும் தொடுநிழலையும் சேர்க்கலாம். நிழலை இரண்டு அடுக்காகப் போடுங்கள்: அடியை ஒட்டிக் கூர்மையான, அடர்ந்த கோடு ஒன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் பரந்து மங்கும் நிழல் ஒன்று. பாட்டிலைத் தரையில் ஊன்ற வைப்பது முதல் கோடுதான்.

பொருளைச் சுற்றி இடம் இருக்கிறதா? மூடி மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், கேமரா சற்று விலகினாலும் மாடல் மேலே எதையாவது வைத்தாக வேண்டும். மூடிக்கு மேல் இன்னொரு மூடி முளைப்பது இப்படித்தான். பாட்டில் படத்தின் உயரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கட்டும்.

இரண்டும் சரி, ஆனாலும் நகர்கிறதா? ப்ராம்ப்டைப் பாருங்கள். படத்தில் இருப்பதை மீண்டும் வருணித்து எழுதியிருந்தால் அதை நீக்குங்கள். "அழகான கண்ணாடி பாட்டில், கறுப்பு மூடி, மர மேசை" என்பதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியது படத்தோடு சிறிது முரண்பட்டாலும் மாடல் எழுத்தை நோக்கிப் படத்தை மாற்ற முயலும். ப்ராம்ப்டில் மூன்று செய்திகள் போதும்: கேமரா என்ன செய்கிறது, பொருள் என்ன செய்கிறது, எது ஒன்று அசைகிறது. எண்ணெய் பாட்டிலுக்கு நான் தொடங்கும் வரிகள் இவை:

```
Locked-off tripod shot. The bottle stays completely still
on the table. Soft morning light moves slowly across the
wall behind it, from left to right.
```

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அசைவுக்கு ஓர் இடம் சொல்லாவிட்டால் அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். சுவரில் நகரும் ஒளி, பின்னணியில் மங்கலாக ஆடும் வாழையிலை, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து எழும் ஆவி, இவற்றில் ஒன்று மட்டும் போதும். மூன்றையும் கேட்டால் பாட்டிலும் சேர்ந்து ஆடும். "டைனமிக்", "சினிமாட்டிக்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். எதை அசைப்பது என்று சொல்லாமல் அசைவின் அளவை மட்டும் கூட்டுவதே அவற்றின் வேலை.

இதற்குப் பிறகும் நகர்ந்தால், முடிவுப் படமும் ஏற்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே படத்தைக் கொடுத்தால், பாட்டில் கிளம்பிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும்; வெகுதூரம் வழுக்க முடியாது. வீடியோ முடிந்து மீண்டும் தொடங்கும்போது வெட்டும் தெரியாது. இதில் ஒரு குறை உண்டு. ஒளியின் நகர்வும் திரும்பி வந்துவிடும். சில சமயம் எதுவுமே அசையாமல் உறைந்தும் போகும்.

## அறிகுறி: கேட்காத கை, கேட்காத ஆள், பாட்டிலுக்குள் அலை

கை நுழைகிறது. ப்ராம்ப்டில் "பயன்படுத்து", "எடு", "ஊற்று", "திற" என்ற பொருளில் வினைச்சொல் இருக்கிறதா? இருந்தால் கை வரத்தான் செய்யும். நீக்குங்கள். அப்படி ஒன்றும் இல்லை, "கைகள் வேண்டாம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், அதையும் நீக்குங்கள். வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கும் கருவிகளில், "வேண்டாம்" என்ற சொல் இல்லாமல் வேண்டாததன் பெயரை மட்டும் அங்கே இடலாம். அந்தப் பெட்டி இல்லாத கருவிகளில் முதன்மைப் ப்ராம்ப்டில் கையைப் பற்றிப் பேசுவதே கையை அழைப்பதாகிவிடும். ரன்வே என்ற AI வீடியோ நிறுவனம் தன் வழிகாட்டுதலிலேயே எதிர்மறையாக எழுத வேண்டாம், நடக்க வேண்டியதை எழுதுங்கள் என்று சொல்கிறது. "அறையில் யாருமில்லை, பாட்டில் மட்டும் மேசையில் இருக்கிறது" என்பதுபோல எழுதுங்கள்.

ப்ராம்ப்ட் சுத்தமாக இருந்தும் ஓர் ஆள் உருவாகிறார். மூலப் படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, பாட்டிலின் தோள்பகுதியையும் மூடியின் பளபளப்பையும் பாருங்கள். ஜன்னலின் பிம்பத்துக்குப் பக்கத்தில், கைபேசியைப் பிடித்தபடி நிற்கும் நீங்கள் ஒரு சிறு கறுப்புக் கீற்றாகத் தெரிவீர்கள். சாதாரண அளவில் கண்ணுக்குத் தட்டாத அந்தக் கீற்றை மாடல் மனித உருவமாக எடுத்துக்கொண்டு நடக்கவிடுகிறது. கண்ணாடியில் இது அவ்வப்போது வரும். பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் டபரா போன்றவற்றில் எப்போதும் வரும், ஏனென்றால் பாத்திரத்தின் வளைவு அறை முழுவதையும் வாங்கிக் காட்டுகிறது.

எளிய தீர்வு, அந்தக் கீற்றை எடிட்டரில் துடைத்துவிட்டு மீண்டும் கொடுப்பது. அடுத்தது, படத்தை மறுபடி எடுப்பது: ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நீங்கள் கறுப்புச் சட்டை அணிந்து, நாலடி பின்னால் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். பிம்பங்கள் மென்மையாகி, வடிவமற்ற வெளிச்சப் பட்டைகளாக மாறிவிடும். கண்ணாடிக்கு போலரைசிங் ஃபில்டரும் உதவும். உலோகத்தின் பிம்பத்தை அது போக்காது. நுணுக்க வேலைப்பாடுள்ள பளபளக்கும் பித்தளையோ வெள்ளியோ உங்கள் பொருள் என்றால் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, வெண்துணிக் கூடாரமும் விளக்குகளும் வைத்திருக்கும் பொருள் புகைப்படக்காரரிடம் கொடுங்கள். வீட்டு ஜன்னலில் அதைச் சாதிப்பது கடினம்.

மூடிய பாட்டிலுக்குள் எண்ணெய் அலையடிக்கிறது, குமிழ் எழுகிறது. ப்ராம்ப்டில் "எண்ணெய்" என்ற சொல்லும் "வழிதல்", "பாய்தல்" சார்ந்த சொல்லும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், படத்தில் எண்ணெயின் மேல்மட்டக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கழுத்துக்குக் கீழே மட்டக்கோடு தெளிவாகத் தெரிந்தால் அது ஆடுவதற்கு வாய்ப்பு அதிகம். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, கோடு மூடிக்கு அடியில் மறையும்படி எடுத்த படத்தில் இந்தக் கோளாறு அரிதாகவே வருகிறது.

## அறிகுறி: லேபிள் எழுத்து உருகுகிறது, வேறு எழுத்தாகிறது

தமிழ் லேபிளுக்கு இது மற்றெல்லாக் கோளாறுகளையும்விடக் கொடியது. ஆங்கில எழுத்து சற்றுக் கரைந்தாலும் சொல் ஊகத்துக்குள் நிற்கும். தமிழில் அப்படியில்லை. "நல்லெண்ணெய்" என்ற சொல்லைப் பெரிதாக்கி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். முதலில் "ல்"லின் புள்ளியும் "ய்"யின் புள்ளியும் மறையும். அடுத்து "ண"வின் மூன்று சுழிகளில் ஒன்று அழிந்து "ன"வாகும். பிறகு கொம்பு முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நொடிக்குள் எந்த மொழியிலும் இல்லாத ஒரு வரி கிடைத்துவிடும். உற்பத்தியாளர் வீடியோவில் முதலில் பார்ப்பதும் இந்தச் சொல்லைத்தான்.

முதல் சோதனை, எழுத்தின் உயரம் எத்தனை பிக்சல் என்பது. நம் பாட்டில் 25 செ.மீ.; 1280 பிக்சல் உயர வீடியோவில் அது பாதி, அதாவது 640 பிக்சல். ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 26 பிக்சல். லேபிளில் பெயர் 1.5 செ.மீ. உயரத்தில் இருந்தால் வீடியோவில் 38 பிக்சல், அது பிழைக்கும். கீழே 2 மி.மீ.யில் அச்சிட்ட முகவரியும் உரிம எண்ணும் 5 பிக்சல்தான்; அவற்றின் புள்ளி ஒரு பிக்சல்கூட வராது. வான் 2.1 உட்பட இப்போது புழங்கும் மாடல்கள் பல, படத்தை 8x8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கித்தான் கையாளுகின்றன. 5 பிக்சல் எழுத்து முழுவதும் அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை எந்த ப்ராம்ப்டும் காப்பாற்றாது. 30 பிக்சலுக்கு மேலுள்ள தமிழ் எழுத்து, அசையாத கேமராவில், பெரும்பாலும் நிற்கிறது. 15-க்குக் கீழே நம்பவே வேண்டாம். இடையில் உள்ளது சீட் எண்ணைப் பொறுத்தது.

பெரிய எழுத்தும் உருகுகிறதா? கேமரா அசைவை முழுவதும் எடுத்துவிடுங்கள். மெதுவாக நெருங்கும் கேமரா விளம்பரத்துக்கு அழகுதான், ஆனால் அதை மாடலிடம் கேட்காதீர்கள். அது நெருங்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்தைப் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. அசையாத வீடியோவை வாங்கி, எடிட்டரில் 100-லிருந்து 106 சதவீதம் வரை மெல்லப் பெரிதாக்குங்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் கேமரா நெருங்குவதாகவே படும். எழுத்து ஒரு கோடுகூட மாறாது.

சிறிய எழுத்தும் தெளிவாக இருந்தே ஆக வேண்டும் என்றால், மூலப் படத்தின் லேபிளை வெட்டி வீடியோவின்மேல் ஒட்ட வேண்டும். பாட்டில் உண்மையிலேயே அசையாமல் இருந்தால் மட்டுமே இது பலிக்கும். அதனால் முதலில் ஒரு சரிபார்ப்பு: பிரித்தெடுத்த முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். லேபிளின் ஓரம் துள்ளாமல் அதே இடத்தில் நின்றால் ஒட்டலாம். ஒரு பிக்சல் துள்ளல் பரவாயில்லை. மூன்று பிக்சல் என்றால் ஒட்டிய லேபிள் நழுவுவது கண்ணில் படும்.

மூலப் படத்தை 720x1280-க்குச் சுருக்கி, லேபிளைத் தவிர மற்ற அனைத்தையும் அழித்து, ஓரத்தை மூன்று நான்கு பிக்சல் மென்மையாக்கி, `label.png` என்று பின்னணி இல்லாமல் சேமியுங்கள். படத்தின் அளவு வீடியோவின் அளவே இருக்க வேண்டும். லேபிளை மட்டும் கத்தரித்துச் சிறு கோப்பாக்கினால் இடம் மாறிவிடும்.

```
ffmpeg -i out.mp4 -i label.png -filter_complex "overlay=0:0" \
  -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p final.mp4
```

ஒட்டிய லேபிள் ஒட்டியதுபோலத் தெரிந்தால், ஒளியைக் கவனியுங்கள். வீடியோவில் வெளிச்சம் பாட்டிலின்மேல் நகர்ந்து, லேபிள் மட்டும் மாறாத வெளிச்சத்தில் நின்றால் கண் உடனே கண்டுபிடிக்கும். இதற்காகத்தான் மேலே கொடுத்த ப்ராம்ப்டில் ஒளி சுவரில் நகர்கிறது, கண்ணாடியில் அல்ல. இதில் ஒரு வரம்பு உண்டு: 5 பிக்சல் எழுத்து, மூலப் படத்தைச் சுருக்கி ஒட்டினாலும் 5 பிக்சல்தான். உருகாமல் நிற்குமே தவிர, படிக்கும்படி ஆகாது. அதைப் படிக்க வைக்க வேண்டுமானால், லேபிளை நெருக்கமாக எடுத்த இன்னொரு நிலைப்படத்தை அடுத்த காட்சியாக வையுங்கள். அந்தக் காட்சிக்கு மாடலே தேவையில்லை.

எழுத்தோடு சேர்த்து இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். சைவ உணவுக்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், வீடியோவில் முக்கோணமாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கக் கூடாது. பழுப்பு முக்கோணம் அசைவத்துக்கான குறி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் 14 இலக்கங்கள். அதில் ஓர் இலக்கம் மாறித் தெளிவாகத் தெரிந்தால் அந்த வீடியோவை வெளியிடக் கூடாது. மங்கிய எண்ணைவிடத் தெளிவான தவறான எண்தான் ஆபத்து. நிகர அளவும் விலையும் அப்படியே.

எப்போது ஆளை அழைப்பது? பாட்டிலோ கேமராவோ அசைந்தாக வேண்டும், லேபிளும் முழுவதும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று இரண்டும் சேர்ந்து கேட்டால், அது மோஷன் டிராக்கிங் தெரிந்த எடிட்டரின் வேலை. லேபிளின் நான்கு மூலைகளையும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்தொடர்ந்து, வளைவுக்கு ஏற்ப மூல லேபிளைப் பொருத்துவார். அவரிடம் போகும்போது அச்சகத்துக்குக் கொடுத்த லேபிளின் மூலக் கோப்பைக் கொண்டுசெல்லுங்கள். புகைப்படத்திலிருந்து வெட்டிய லேபிளைவிட அது பல மடங்கு கூர்மையாக இருக்கும்.

## அறிகுறி: திரும்பும்போது பின்பக்கம் வேறு பொருளாகிறது

பாட்டில் சுழலக் கேட்டீர்கள். முன் லேபிள் திரும்பி மறைந்ததும் பின்னால் இன்னொரு முன் லேபிள் வந்தது. அல்லது வட்ட பாட்டில் சதுரமானது. படத்தில் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது, மற்றதெல்லாம் மாடலின் கற்பனை.

முதல் வழி, சுழற்சியைக் குறைப்பது. முழுச் சுற்றுக்குப் பதிலாக 15 முதல் 20 பாகை மட்டும் கேளுங்கள். எண்ணில் சொன்னால் பல மாடல்களுக்குப் புரிவதில்லை. "மிக லேசாக வலப்பக்கம் திரும்புகிறது, லேபிள் முழுவதும் தெரிந்தபடியே இருக்கிறது" என்று எழுதுவது மேல்.

இரண்டாவது, முடிவுப் படம் கொடுப்பது. கேமராவை முக்காலியில் பொருத்தி, வெளிச்சத்தை மாற்றாமல், பாட்டிலை மட்டும் 20 முதல் 30 பாகை திருப்பி இரண்டாவது படம் எடுங்கள். பாட்டிலின் அடியைச் சுற்றி மேசையில் பென்சிலால் வட்டம் வரைந்துகொண்டால் இடம் பிசகாது. இரண்டையும் தொடக்கம், முடிவு என்று கொடுங்கள். இடைப்பட்ட ஃப்ரேம்களை நிரப்புவதுதான் மாடலின் வேலையாக மீதமிருக்கும். இரண்டு படங்களுக்கும் இடையே கோணம் கூடக் கூட, நடுவில் லேபிள் கரைந்து மீண்டும் உருவாவதைப் பார்ப்பீர்கள். அப்போது கோணத்தைக் குறையுங்கள்.

முழுச் சுற்று கட்டாயம் வேண்டுமா? இந்த முறையைக் கைவிடுங்கள். மின்சாரச் சுழல்மேடை மேல் பாட்டிலை வைத்து வீடியோவாகவே எடுத்துவிடலாம். சின்னச் சுழல்மேடையின் விலை, இதற்காகத் தொடர்ந்து வீணாக்கும் கிரெடிட்டைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரே வடிவ பாட்டிலில் கடலை, தேங்காய், விளக்கெண்ணெய் என்று பல லேபிள்கள் இருந்தால், முப்பரிமாண வடிவமைப்பாளர் ஒருவரிடம் பாட்டிலை ஒருமுறை செய்து வாங்கி, லேபிளை மட்டும் மாற்றிக்கொள்வது நல்லது.

## அறிகுறி: எதுவுமே அசையவில்லை

எடிட்டரில் ஸ்லைடு போட்டதுபோல இருக்கிறது. முதலில் ப்ராம்ப்டில் அசையும் பொருள் ஒன்றையாவது பெயர் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். "அசையாத" என்ற சொல் பாட்டிலுக்கு மட்டும் சேரும்படி இருக்கட்டும். காட்சி முழுவதற்கும் சேர்ந்துவிட்டால் மாடல் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

அடுத்து, அசைவின் அளவுக்கான அமைப்பு. ஸ்டேபிள் வீடியோ டிஃப்யூஷன் என்ற மாடலில் அதன் பெயர் `motion_bucket_id`, இயல்பு மதிப்பு 127. பொருள் படத்துக்கு அதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் மிதக்கும் பாட்டிலிடமே திரும்பிப் போவீர்கள்.

இன்னொரு காரணம் வியப்பாக இருக்கும்: படம் அளவுக்கு மீறிக் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருப்பது. எல்.டி.எக்ஸ் வீடியோ மாடலில் இது தெளிவாகத் தெரியும். நோடுகளைக் கோத்து மாடல்களை ஓட்டும் ComfyUI மென்பொருளில் அந்த மாடலுக்கென இருக்கும் `LTXVPreprocess` நோடு, கொடுத்த படத்தை வேண்டுமென்றே வீடியோ போலச் சற்றுச் சுருக்கித் தருகிறது. அப்போது மாடல் அதை ஓடும் வீடியோவின் ஒரு ஃப்ரேமாக ஏற்றுக்கொண்டு அசைக்கிறது.

## அறிகுறி: தொடக்கம் நன்று, கடைசி நொடிகளில் கெடுகிறது

நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, பாட்டிலின் தோள் வளைகிறது, மூடியின் வரிப்பள்ளங்கள் அலைகின்றன. தொடக்கப் படத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பிடி தளரும். வான் 2.1-இல் 81 ஃப்ரேம், நொடிக்கு 16 என்பது வழக்கமான அளவு, அதாவது சுமார் 5 நொடி. அதற்கு மேல் நீட்டியிருந்தால் முதலில் அந்த அளவுக்குத் திரும்புங்கள்.

அப்போதும் கெடுகிறது என்றால், மீண்டும் உருவாக்காதீர்கள். பிரித்தெடுத்த படங்களில் கடைசியாக நன்றாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த நொடியோடு வெட்டிவிடுங்கள். நொடிக்கு இரண்டு படம் என்பதால், ஏழாவது படம்வரை சரி என்றால் 3 நொடி நல்ல காட்சி கையில் இருக்கிறது:

```
ffmpeg -i out.mp4 -t 3 -c:v libx264 -crf 16 cut.mp4
```

பத்து நொடி வேண்டும் என்று கேட்பவருக்கும் மூன்று நொடிக்குச் சற்றுக் கூடிய காட்சிகள் மூன்றை எடுத்துக் கோத்துக் கொடுங்கள்: பாட்டில் முழுமையாக ஒன்று, மூடியும் கழுத்தும் ஒன்று, பலகையும் எள்ளுமாக ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிப் புகைப்படங்களை ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். முதல் காட்சியின் கடைசி ஃப்ரேமை அடுத்த காட்சியின் தொடக்கமாகக் கொடுத்து நீட்ட முயல வேண்டாம். அந்த ஃப்ரேமில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சிறு பிசகு அடுத்த காட்சிக்கு மூலமாகி, அங்கிருந்து இன்னும் வளரும்.